ஒரு அரியரை ரெஸ்யூமில் எழுத வேண்டுமா?

கேள்வி: திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் இ.சி.இ. கடைசி வருடம் படிக்கிறேன், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. மூன்றாவது செமஸ்டரில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர் போய்விட்டது, அடுத்த தடவையே எழுதிப் பாஸ் பண்ணிவிட்டேன். இப்போது சி.ஜி.பி.ஏ. 6.7. இதை மறைக்கவும் பயமாக இருக்கிறது, தம்பட்டம் அடிக்கவும் மனசில்லை. நண்பன் பேச்சைக் கேட்டு போன வாரம் ஒரு கம்பெனி படிவத்தில் "ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்" கட்டத்தில் 0 என்று போட்டுவிட்டேன். ரெஸ்யூமில் எப்படி எழுதுவது, இன்டர்வியூவில் என்ன சொல்வது?

பதில்: ரெஸ்யூமில் அந்த அரியரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். ரெஸ்யூம் நீங்களாக எழுதிக் கொடுப்பது, அதில் எதைச் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம், அங்கே சொல்லாமல் விடுவதில் எந்தத் தப்பும் இல்லை. படிவம் அப்படியில்லை. அது கேள்வி கேட்கிறது, கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் எழுத வேண்டும். ரெஸ்யூமில் விட்டுவிடலாம் என்றால் படிவத்திலும் விட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், உங்கள் நண்பர் சொன்ன யோசனையும் அதுதான்.

படிவத்தில் பெரும்பாலும் இரண்டு கட்டம் இருக்கும். "ஸ்டாண்டிங் அரியர்ஸ்" என்றால் இன்றைய தேதியில் இன்னும் பாஸ் ஆகாமல் நிற்கிற பேப்பர்கள், உங்களுக்கு அது 0. "ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்" என்றால் எப்போதாவது போய், பிறகு முடித்தவையும் சேர்த்து, உங்களுக்கு அது 1. சில படிவங்களில் "ஆக்டிவ் பேக்லாக்" என்று இருக்கும், அதுவும் முதல் கட்டம்தான், அங்கே 0 போடலாம். வெறுமனே "எனி அரியர்ஸ்?" என்று மட்டும் கேட்டு, எழுத இடமும் கொடுத்திருந்தால் "நிலுவையில் எதுவும் இல்லை, முன்பு ஒன்று, முடித்துவிட்டேன்" என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். எழுதிய பேப்பருக்கு ரிசல்ட் இன்னும் வராதவர்கள் அதை முடித்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, ரிசல்ட் வரும்வரை அது ஸ்டாண்டிங்தான், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும்.

அந்த 0 ஏன் நிற்காது என்று சொல்கிறேன். கேம்பஸ் வழியாக வருகிற கம்பெனி என்றால், உங்கள் கல்லூரி பிளேஸ்மெண்ட் ஆபீஸில் இருந்து ஒரு எக்செல் பட்டியல் ஏற்கெனவே போயிருக்கும், பத்தாவது, பன்னிரண்டாவது, சி.ஜி.பி.ஏ., அரியர் எல்லாம் தனித்தனி நெடுவரிசையாக. நீங்கள் நிரப்பிய படிவமும் அந்தப் பட்டியலும் ஒரே ஆள் மேஜைக்குத்தான் வரும். அதைத் தாண்டினாலும், வேலையில் சேரும்போது எல்லா செமஸ்டர் கிரேடு ஷீட்டும் கேட்பார்கள். மூன்றாவது செமஸ்டர் ஷீட்டில் அந்தப் பேப்பருக்கு நேராக U என்று இருக்கும், அடுத்த ஷீட்டில் அதே பேப்பர் மறுபடி வந்து கிரேடோடு இருக்கும். இதைக் கண்டுபிடிக்க யாரும் துப்பறிய வேண்டியதில்லை, ஷீட்டைப் புரட்டினாலே போதும். ஆள் எடுக்கிற பக்கம் உட்கார்ந்து நான் பார்த்த ஒன்று: ஒரு பையனுக்கு ஆஃபர் கைக்கு வந்துவிட்டது, பழைய அரியர் இரண்டு, படிவத்தில் 0. அந்தக் கம்பெனிக்குப் பழைய அரியர் ஒரு தடையே இல்லை, 2 என்று போட்டிருந்தாலும் எடுத்திருப்பார்கள். தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லித்தான் ஆஃபரைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சரி, ரெஸ்யூமுக்கு வருவோம். ஃப்ரெஷர்கள் பெரும்பாலானோர் படிப்பை மேலே ஒரு பெரிய டேபிளாகப் போடுகிறார்கள், பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி என்று வரிசையாக, கடைசி நெடுவரிசையில் சதவீதம். உங்களுக்குப் பத்தாவதில் 88, பன்னிரண்டாவதில் 81 என்று வைத்துக்கொண்டால் அந்த நெடுவரிசை 88, 81, 67 என்று படிக்கட்டு மாதிரி இறங்கும், படிப்பவர் கண் வேறு எங்கும் போகாது. டேபிளை எடுத்துவிடுங்கள். முதலில் என்னென்ன தெரியும் என்பது, அதன் கீழே ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப், அதற்குப் பிறகு படிப்பு. படிப்பில் டிகிரிக்கு ஒரே வரி போதும்: பி.இ., இ.சி.இ., கல்லூரிப் பெயர், சேர்ந்த வருடம், முடிக்கும் வருடம், சி.ஜி.பி.ஏ. 6.7, ஆறாவது செமஸ்டர் வரை. அதன் கீழே பள்ளி மதிப்பெண்களைச் சின்னதாக, சதவீதமாகவே. செமஸ்டர் வாரியான ஜி.பி.ஏ. வேண்டாம், அப்படிப் போட்டால் மூன்றாவது செமஸ்டரில் என்ன ஆனது என்று நீங்களே கேள்வி எழுப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சி.ஜி.பி.ஏ.யையே விட்டுவிடலாமா என்று நினைப்பீர்கள். 6.7 என்றால் போடுங்கள், அது கேவலமான எண் இல்லை. ஃப்ரெஷர் ரெஸ்யூமில் மார்க்கே இல்லையென்றால் படிப்பவர் 6க்குக் கீழே என்று தானாக முடிவு செய்துகொள்வார். உண்மையிலேயே 6க்குக் கீழே இருப்பவர்கள் கல்லூரிக்கு வெளியே தாங்களாக அனுப்பும் விண்ணப்பங்களில் அதை விட்டுவிடலாம், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வேலையில் இரண்டு மூன்று வருடம் ஆன பிறகு யாரும் அந்த வரியை எதிர்பார்ப்பதில்லை, அப்போது நீங்களும் எடுத்துவிடலாம்.

6.7ஐ 7 என்று எழுதக் கூடாது, "சுமார் 7" என்றும் கூடாது. 60 சதவீதம் கேட்கும் இடத்தில் 59.6 வைத்திருப்பவருக்கும் இதேதான், முழுமையாக்கும் வேலையை அவர்கள் செய்துகொள்ளட்டும். சதவீதம் கேட்டால் உங்கள் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கைத்தான் போட வேண்டும், உங்களுக்குப் பத்தால் பெருக்குவது, அதாவது 67. நிறையப் பேர் 9.5ஆல் பெருக்குகிறார்கள், அது சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்குச் சொல்லப்பட்ட கணக்கு, அதைப் போட்டால் 63.65 என்று உங்கள் மார்க்கை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள். இன்னொன்று, அரியர் சி.ஜி.பி.ஏ.யைத் தனியாகக் குறைத்திருக்கும் என்று கவலைப்பட வேண்டாம், அதில் சேர்வது கடைசியாகப் பாஸ் ஆனபோது வாங்கிய கிரேடுதான். ஒருமுறையாவது போயிருந்தால் கிடைக்காமல் போவது டிஸ்டிங்ஷன் என்ற பட்டம், 6.7ல் அந்தப் பேச்சே இல்லை.

இன்டர்வியூவில் சுயஅறிமுகத்தில் அரியரை இழுக்காதீர்கள். பதற்றத்தில் சிலர் தாங்களாகவே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள், கேட்பவர் அதுவரை அந்தப் பக்கத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். கேட்டால் மட்டும், இரண்டு மூன்று வாக்கியத்தில்: "மூன்றாவது செமஸ்டரில் சிக்னல்ஸ் பேப்பர் போய்விட்டது சார், கணக்கைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் பண்ணினேன். அடுத்த தடவை முதலில் இருந்து படித்து முடித்துவிட்டேன், இப்போது ப்ராஜெக்டில் அதையேதான் பயன்படுத்துகிறேன்." சொன்னதும் நிறுத்திவிடுங்கள். (காரணம் உங்கள் உண்மையான காரணமாக இருக்கட்டும், நான் எழுதியது ஒரு மாதிரிதான்.) பேப்பர் திருத்தியது சரியில்லை, சார் சரியாக நடத்தவில்லை என்பதெல்லாம் நிஜமாகவே நடந்திருந்தாலும் அங்கே எடுபடாது, அந்தப் பேச்சை ஆரம்பித்தால் அரியரைப் பற்றியே பத்து நிமிடம் போய்விடும்.

ஆனால் இந்தப் பதிலைச் சொன்ன அடுத்த நிமிடமே அந்தப் பேப்பரில் இருந்து ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்த்துப் போங்கள். அரியரை மறக்க வைக்கிற ஒரே இடம் அதுதான், அதனால் மற்ற எல்லாப் பாடத்தையும்விட இந்த ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். முழு சிலபஸும் தேவையில்லை, கன்வல்யூஷன், ஃபூரியர், சாம்ப்ளிங் மூன்றையும் சொந்த வார்த்தையில், ப்ராஜெக்டோடு கட்டிச் சொல்லத் தெரிந்தால் போதும். உதாரணமாக உங்கள் ப்ராஜெக்ட் மோட்டார் அதிர்வை அளப்பது, அதில் 400 ஹெர்ட்ஸ் வரை பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்ப்ளிங் 800க்கு மேலே இருக்க வேண்டும், அதனால் கொஞ்சம் இடம் விட்டு 1,000 வைத்தேன், 500 வைத்திருந்தால் அந்த 400 ஹெர்ட்ஸ் அதிர்வு 100 ஹெர்ட்ஸ் மாதிரி பொய்யாகத் தெரிந்திருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். புத்தகத்தில் இருக்கிற தேற்றத்தை ஒப்பிப்பவரும் இதைச் சொல்பவரும் ஒன்று இல்லை என்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உடனே தெரியும். ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் மார்க் ஏறியிருந்தால் அதை இந்த இடத்தில் ஒரு வரி சேர்க்கலாம், ரெஸ்யூமில் வேண்டாம்.

"நோ ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்" என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிற கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டாம், எப்படி எழுதினாலும் அது உங்களுக்கு மூடிய கதவுதான். "நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்" என்று இருந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிரேடு ஷீட்டை ஸ்கேன் பண்ணி ஏற்றச் சொன்னால் எல்லா செமஸ்டரும் வரிசையாக ஒரே பி.டி.எஃப்.பில் இருக்கட்டும், மூன்றாவதை மட்டும் உருவிவிட்டால் அந்த இடைவெளிதான் முதலில் கண்ணில் படும்.

இனி போன வாரம் போட்ட 0. கம்பெனி இன்னும் தேர்வானவர்கள் பட்டியலை வெளியிடவில்லை என்றால் இன்றைக்கே திருத்துங்கள். படிவத்தில் திருத்தும் வசதி இருந்தால் அதிலேயே மாற்றுங்கள். இல்லையென்றால் பிளேஸ்மெண்ட் ஆபீசருக்கு, கல்லூரிக்கு வெளியே என்றால் படிவம் அனுப்பிய முகவரிக்கு, ஒரு மெயில் போடுங்கள். உங்கள் பெயர், பதிவு எண், எந்தப் படிவம், எந்தத் தேதியில் நிரப்பியது, "ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ் கட்டத்தில் 0 என்று தவறாகக் கொடுத்துவிட்டேன், சரியான எண் 1, மூன்றாவது செமஸ்டர், அடுத்த முயற்சியில் பாஸ், இப்போது நிலுவை எதுவும் இல்லை, பதிவைத் திருத்திக்கொள்ளவும்" என்று மட்டும். நண்பன் சொன்னது, பயந்தது எதுவும் அதில் வேண்டாம். அனுப்பிய மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள், சேரும் நாளில் யாராவது பழைய படிவத்தை எடுத்துக் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.