வாடகை வீடுகளில் எது நலிந்தது? வாங்கிய விலை சொல்லாது

கேள்வி: எனக்கு ஐந்து வாடகை வீடுகள் உள்ளன, எதன் மீதும் கடன் இல்லை. ஆண்டுதோறும் விரிதாளில் கணக்குப் பார்க்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் 20 லட்சத்துக்கு வாங்கிய பெரிய வீடு 6 சதவீதம் தருகிறது. அண்மையில் அதே விலைக்கு வாங்கிய சிறிய வீடு 1 சதவீதம்தான் தருகிறது. சிறியதை விற்றுவிடலாமா? (தாளை இணைத்திருக்கிறேன்.)

பதில்: விற்பதா என்று யோசிக்க வேண்டிய வீடு உங்கள் தாளில் இருக்கிறது, ஆனால் அது சிறிய வீடு அன்று, பெரியது. தாளில் இரண்டு இடங்களில் கணக்கு பிசகியிருக்கிறது.

முதலாவது, வருமானத்தை வாங்கிய விலையால் வகுத்தது. அந்தப் பணம் என்றோ செலவாகிவிட்டது. இன்று வீட்டை விற்றால், தரகு, பத்திரச் செலவு, வரி ஆகியவை போக உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பதே வகுக்க வேண்டிய தொகை. பெரிய வீட்டுக்கு அது 60 லட்சம் என்று நீங்களே ஓர் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். மாத வாடகை 15,000, வசூலானது 11 மாதம், செலவு 45,000, மிச்சம் 1,20,000. 60 லட்சத்துக்கு இது வெறும் 2 சதவீதம்.

இரண்டாவது, சிறிய வீட்டின் மேல்தளக் கசிவைச் சரிசெய்த 60,000 முழுவதையும் ஒரே ஆண்டில் எழுதியது. அந்த வேலை ஆறு ஆண்டுகள் தாங்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 10,000 மட்டுமே இந்த வரிசையில் வர வேண்டும். அப்போது 11,000 வீதம் 10 மாத வசூலில் வழக்கமான செலவு 30,000-உம் இந்த 10,000-உம் போக 70,000 மிஞ்சும். கைக்கு வரக்கூடிய 20 லட்சத்துக்கு அது 3.5 சதவீதம். இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது மட்டும் உறுத்துகிறது; முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அப்படியே இருந்ததா என்று பாருங்கள்.

தாளில் B மாத வாடகை, C வசூலான மாதங்கள், D வழக்கமான செலவு, E பெரிய பழுதின் ஓராண்டுப் பங்கு, F இன்று கைக்கு வரும் தொகை என்று வைத்துக்கொண்டால், G, H பத்திகளுக்கு இவை போதும்:

```
=B2*C2-D2-E2
=G2/F2
```

கடன் உள்ள வீட்டை எப்போதாவது சேர்த்தால், பாக்கிக் கடனை F-இல் கழித்து, வட்டியை மட்டும் D-இல் சேருங்கள். அசல் தவணை செலவாகாது.

இனிப் பெரிய வீட்டுக்கு வருவோம். அதே தரத்து வீடுகள் 18,000-க்குப் போகின்றன என்கிறீர்கள். ஒப்பந்தமும் சட்டமும் இடம் கொடுத்தால், உயர்த்துவதுதான் முதலில் பார்க்க வேண்டிய வழி, ஏனெனில் அதற்கு முதலீடு வேண்டியதில்லை. ஆனால் குடியிருப்பவர் காலி செய்து, புதியவர் வர இரண்டு மாதம் ஆனால், 10 மாத வாடகை 18,000 வீதம் 1,80,000. பழைய வாடகையில் 12 மாதமும் அதே 1,80,000. முதல் ஆண்டின் ஆதாயம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். எனவே ஒழுங்காகத் தருபவரிடம் இரண்டு தவணைகளாக உயர்த்துவதையே நான் விரும்புவேன்.

புதுப்பிப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சமையலறையையும் குளியலறையையும் 2,40,000 செலவில் மாற்றினால் 20,000 கிடைக்கும் என்று எழுதி, 5,000 கூடுதல் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். அதில் 3,000, எதையும் தொடாமலேயே கிடைக்கக்கூடியது. வேலைக்கு உரிய பலன் மாதம் 2,000, அதாவது ஆண்டுக்கு 24,000 மட்டுமே. போட்ட பணம் திரும்பப் பத்து ஆண்டுகளாகும். வேலை நடக்கும் காலத்து வாடகை இழப்பு இதில் சேரவில்லை. அதற்குள் குழாயும் அலமாரியும் மீண்டும் பழுதாகத் தொடங்கிவிடும். வீடு இன்றைய நிலையில் ஆளில்லாமல் கிடந்தாலொழிய நான் இதைச் செய்யமாட்டேன்.

வாடகையை உயர்த்தி 11 மாதம் வசூலானாலும் மிச்சம் 1,53,000, அதாவது சுமார் 2.5 சதவீதம். அந்த 60 லட்சத்தை அதிக இடரின்றி வேறிடத்தில் 5 சதவீதத்துக்குப் போட முடியுமானால், வீட்டின் விலை ஆண்டுக்கு இன்னொரு 2.5 சதவீதமாவது ஏறினால்தான் வைத்திருப்பது விற்பதற்கு ஈடாகும். அந்தப் பகுதியில் கடந்த சில ஆண்டுகளில் உண்மையில் பதிவான விற்பனை விலைகள் அவ்வளவு ஏறவில்லை என்றால் விற்கலாம். விளம்பரத்தில் கேட்கும் விலையை மட்டும் இதற்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.