வயதுப் பிரமிடு கீழே சுருங்கினால் ஊர் சுருங்குமா?

கேள்வி: எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். சபைக்குச் சொந்தமான மனையில் நர்சரிப் பள்ளி கட்டுவதா, முதியோருக்குப் பகல்நேர இல்லம் கட்டுவதா என்று கமிட்டியில் பேச்சு. குடும்பப் பதிவேட்டை வைத்து ஒரு தம்பி வயதுப் பிரமிடு வரைந்து தந்தார். சிறு வயது அடியில், முதுமை மேலே என்று வயதுக்கு ஒரு பட்டையாக அடுக்கி, ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண் என்று வரைந்திருக்கிறார். அடி ஒடுங்கி, நடு வயிறு தள்ளி நிற்கிறது. ஆண்கள் பக்கம் முப்பதுகளில் கடித்து எடுத்ததுபோல் இருக்கிறது. ஜனத்தொகை குறையப்போகிறது என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் இன்னொருவர். படத்தை எப்படிப் படிப்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய பதிவேட்டைப் பத்துப் பத்து வயதாகத் தொகுத்துக்கொண்டேன். தம்பி ஐந்தைந்து வயதாக வரைந்திருக்கிறார். பாடப்புத்தக வழக்கம் அதுதான். ஆனால் 1,222 பேர் உள்ள ஊரில் ஒரு பட்டையின் ஒரு பக்கத்துக்கு முப்பது குழந்தைதான் வரும். முப்பது என்பது எந்தக் காரணமும் இல்லாமலே ஐந்தாறு கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து "பிறப்பு திரும்பக் கூடுகிறது" என்று ஒருவர் கமிட்டியில் எழுந்துவிட்டால் அவரை உட்கார வைப்பது கஷ்டம்.

| வயது | ஆண் | பெண் | மொத்தம் |
|---|---|---|---|
| 80-க்கு மேல் | 8 | 16 | 24 |
| 70–79 | 25 | 33 | 58 |
| 60–69 | 50 | 55 | 105 |
| 50–59 | 79 | 81 | 160 |
| 40–49 | 90 | 98 | 188 |
| 30–39 | 78 | 118 | 196 |
| 20–29 | 88 | 102 | 190 |
| 10–19 | 87 | 84 | 171 |
| 0–9 | 66 | 64 | 130 |

இந்தப் படத்தைப் படிக்க ஒரே ஒரு விதி போதும். பத்து ஆண்டு போனால் ஒவ்வொரு பட்டையும் ஒரு படி மேலே ஏறும். ஏறும்போது சாவாலும் வெளியேற்றத்தாலும் கொஞ்சம் தேயும். அடியில் மட்டும் புதுப் பட்டை ஒன்று வந்து சேரும். ஆக, இருபது ஆண்டு கழித்து உங்கள் ஊரில் இருக்கப்போகிற முதியவர்கள் எல்லோரும் இன்றைக்கே இந்தப் படத்தில் இருக்கிறார்கள். பிறப்பு விகிதம் கூடினாலும் குறைந்தாலும் அந்த எண்ணிக்கை அசையாது. ஊகம் தேவைப்படுவது அடிப்பட்டைக்கு மட்டும்தான்.

சரி, ஏற்றிப் பார்ப்போம். தமிழ்நாட்டின் இன்றைய ஆயுளைத் தோராயமாக வைத்தால், நாற்பதுகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு 85 பேர் அறுபதுகளைக் காண்பார்கள். ஐம்பதுகளில் இருப்பவர்களில் 65 பேர் எழுபதுகளைக் காண்பார்கள். அறுபதுகளில் இருப்பவர்களில் 35 பேர் எண்பதைத் தாண்டுவார்கள். இவை கைக்கணக்குக்கான எண்கள். மருத்துவ வசதி கூடினால் கொஞ்சம் ஏறும். 188 பேர் 160 ஆவார்கள், 160 பேர் 104 ஆவார்கள், 105 பேர் 37 ஆவார்கள். இப்போதே எழுபதைத் தாண்டிய 82 பேரில் ஐந்தாறு பேர் மிஞ்சலாம். மொத்தம் 307. இன்றைக்கு அறுபது தாண்டியவர்கள் 187.

இனி அடிப்பட்டை. கடந்த பத்தாண்டில் பிறந்த 130 குழந்தைகளின் தாய்மார்கள் பெரும்பாலும் 20–29, 30–39 என்ற இரண்டு பட்டைகளில் இருக்கிறார்கள். அங்கே பட்டைக்குச் சராசரி 110 பெண்கள். அடுத்த பத்தாண்டின் தாய்மார்கள் இப்போது 10–19, 20–29 பட்டைகளில் இருக்கிறார்கள், சராசரி 93. அதற்கடுத்த பத்தாண்டுக்கு 74 பேர்தான். பெற்றுக்கொள்ளும் வழக்கம் இன்றைக்கு இருப்பதுபோலவே நீடித்தால் முதல் பத்தாண்டில் 110 குழந்தை, இரண்டாம் பத்தாண்டில் 87. வீட்டுக்கு வீடு குழந்தைகளின் எண்ணிக்கை கொஞ்சமும் குறையாமலே பிறப்பு மூன்றில் ஒரு பங்கு விழுகிறது. காரணம், தாயாக வேண்டிய பெண்களே குறைவு. அவர்களும் ஒடுங்கிய பட்டைகளில் பிறந்தவர்கள்தானே.

இடையில் உள்ள பட்டைகளையும் ஏற்றிக் கூட்டினால் இருபது ஆண்டு கழித்து ஊரின் மொத்தம் ஏறத்தாழ 1,165 வருகிறது. இன்றைக்கு 1,222. உங்கள் கமிட்டியில் இரண்டு பேருமே பாதிப் பாதி சரி. தலை எண்ணிக்கை இருபது ஆண்டில் நூற்றுக்கு ஐந்துதான் இறங்குகிறது. ஊர் காலியாவதாக யார் கண்ணுக்கும் படாது. ஆனால் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்கு 15-இலிருந்து 26 ஆகிறார்கள். அடி ஒடுங்கிய படத்தைப் பார்த்ததும் "குறையும்" என்று சொல்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். தள்ளி நிற்கும் வயிறு இருக்கிறவரை மொத்தம் தாக்குப்பிடிக்கும். அந்த வயிறு அறுபது, எழுபது, எண்பது என்று ஏறி மறையும்போதுதான் எண்ணிக்கை வேகமாக இறங்கும்.

இது உங்கள் ஒரு சபையின் கதை என்று எண்ண வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. அதில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகள் 1,82,350. ஏழு வயதுக்குப் பகிர்ந்தால் வயதுக்குச் சுமார் 26,000. ஒவ்வொரு வயதிலும் இதே 26,000 பேர் என்று 72 வயது வரை அடுக்கினாலே 18.7 லட்சம் வந்துவிடுகிறது. ஆனால் எழுபதை ஒட்டிய வயதுகளில் 26,000 பேர் இருந்திருக்க முடியாது. அந்தக் குறைவை யார் ஈடுகட்டியிருப்பார்கள்? நடுவயதினர்தான். எனவே பிரமிடை வரையாமலே, அந்த இரண்டு எண்களிலிருந்தே, மாவட்டத்துக்கு அப்போதே வயிறு தள்ளிவிட்டது என்று சொல்லலாம். 2001-க்கும் 2011-க்கும் இடையில் மாவட்டம் 11.6 சதவீதம் வளர்ந்ததையும் இதோடு வைத்துப் பாருங்கள். வளர்கிற ஊருக்கும் அடி ஒடுங்கியிருக்கலாம். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால் 2011 படத்தையே இன்றைய படம் என்று பலர் காட்டுகிறார்கள். அதைப் பயன்படுத்துவதானால் பட்டைகளைப் பதினைந்து வயது மேலே ஏற்றிவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம் அந்தக் கடித்த இடம். முப்பதுகளில் 118 பெண்கள், 78 ஆண்கள். நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. வளைகுடாவிலும் கேரளாவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். இருந்தாலும் படத்தில் உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. பத்தாண்டுக்கு முந்தைய பதிவேட்டிலும் ஒரு பிரமிடு வரைந்து பக்கத்தில் வையுங்கள். வேலைக்காகப் போனதால் வந்த பள்ளம் இரண்டு படத்திலும் அதே வயதில் நிற்கும். ஆட்கள் மாறுவார்கள், பள்ளம் மாறாது. ஒரு தலைமுறைக்கு நேர்ந்த இழப்பால் வந்த பள்ளம் அந்தத் தலைமுறையோடு மேலே ஏறும். 2004 சுனாமியில் குழந்தைகளைப் பறிகொடுத்த குளச்சல், மணக்குடி பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வரைந்தால், அந்தப் பள்ளம் இப்போது இருபதுகளில் தெரியும். அது இனி ஐம்பதுக்கும் அறுபதுக்கும் ஏறிக்கொண்டே போகும்; நிரம்பாது. உங்கள் பள்ளம் நாற்பதுகளிலேயே பெரும்பாலும் நிரம்பிவிடுவதால் போனவர்கள் திரும்புகிறார்கள் என்று ஊகிக்கலாம்; பழைய பதிவேட்டின் படம்தான் அதை உறுதிப்படுத்தும்.

ஆண்கள் பக்கம் அடியில் நீண்டும் மேலே குறுகியும் இருப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். எங்கும் நூறு பெண் குழந்தைக்கு நூற்றைந்து ஆண் குழந்தை என்ற அளவில்தான் பிறக்கின்றன. 2011-இல் மாவட்டத்தில் குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு 964 பெண். மொத்தத்தில் ஆயிரத்துக்கு 1,019. நடுவில் வெளியூர் வேலையும் மேலே ஆண்களின் முந்திய சாவும் தராசைப் பெண்கள் பக்கம் சாய்க்கின்றன. உங்கள் பதிவேட்டில் எண்பது தாண்டியவர்களில் 16 பெண், 8 ஆண்.

கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் பதிவேடுதான். வெளிநாட்டில் இருப்பவர் பெயர் கார்டில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். சில வீடுகளில் அவரைச் சேர்த்தும் சில வீடுகளில் விட்டும் எழுதினால் பள்ளத்தின் ஆழம் பொய்யாகிவிடும். ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர் மட்டும் என்று ஒரு விதி வைத்து எல்லா வீட்டுக்கும் அதையே பாருங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரை அடிப்பதும் வந்த மருமகளின் பெயரைச் சேர்ப்பதும் ஒழுங்காக நடந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வயதானவர்களிடம் வாய்க்கேள்வியாக வாங்கிய வயது 60, 65, 70 என்று முழு எண்களில் குவியும். தம்பியின் ஐந்து வயதுப் படத்தில் 60–64 பட்டை கீழே உள்ள 55–59-ஐவிட நீண்டிருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அறுபது ஆனால்தான் முதியோர் பென்ஷன் என்பதும் சேர்ந்துகொள்ளும். சபையில் ஞானஸ்நானப் பதிவு இருக்கிறதே, அந்த இரண்டு பட்டைகளை மட்டும் அதோடு ஒத்துப்பாருங்கள்.

இனி மனை விஷயம். நர்சரிக்கு வரக்கூடியவர்கள் மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள்தான். இன்றைக்கு வயதுக்கு 13 பேர், ஆக 39. இருபது ஆண்டில் 26. இதிலும் பாதிப் பேர் மார்த்தாண்டத்துக்கு வேன் ஏறிவிடுவார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வராமல் பள்ளி நடக்காது.

முதியோர் இல்லத்துக்கு 307 என்ற எண்ணைக் காட்டி யாராவது பெரிய கட்டடம் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அறுபத்திரண்டு வயதுக்காரர் நம் பக்கத்தில் விடியற்காலை ரப்பர் வெட்டப் போகிறவர். பகல் இல்லத்தில் வந்து உட்கார மாட்டார். எழுபது தாண்டியவர்களை மட்டும் எண்ணுங்கள். இன்றைக்கு 82, பத்தாண்டில் சுமார் 113, இருபது ஆண்டில் 147. இவர்களில் ஐந்தில் ஒருவர் வந்தால் இன்றைக்குப் பதினாறு பேர், கடைசியில் முப்பது பேர். ஒரு கூடம், படியில்லாத வாசல், கைப்பிடி வைத்த கழிப்பறை இரண்டு, அதில் பெண்களுக்கானது பெரியதாக. இதை இப்போது கட்டி, பின்னால் இன்னொரு கூடம் நீட்ட இடம் விட்டால் போதும்.

முப்பதுகளில் ஊரில் இல்லாத அந்த நாற்பது ஆண்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இருபது ஆண்டுக்குள் அவர்களுக்கு அறுபது ஆகாது. ஆனால் வெளிநாட்டு வேலை முடிந்து நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ திரும்பினால், அதற்கடுத்த பத்தாண்டுகளில் முதியோர் எண்ணிக்கை இங்கே காட்டியதைவிடக் கூடும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதே விதியோடு பதிவேட்டை எண்ணி, முப்பதுகளில் உள்ள அந்தப் பள்ளமும் ஐம்பதுகளில் ஆண்கள் எத்தனை பேர் என்பதும் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். இரண்டாவது கூடம் எப்போது தேவை என்பதை அந்த இரண்டு எண்களை வைத்து முடிவு செய்யலாம்.