ரிட்டையர் ஆகப் போறவங்களுக்கு ரெஸ்யூமின் முதல் நாலு வரி: கேள்வி பதில்

கோவை, திருப்பூர் பக்கத்து மில்களிலும் ஃபவுண்டரிகளிலும் ஆள் எடுக்கும் வேலையில் 26 வருடம் இருந்தேன். இன்று ஒரே விஷயம்தான்: பணி ஓய்வை ஒட்டி கன்சல்டிங்கோ பகுதிநேரமோ தேடுகிறவர்கள் ரெஸ்யூம் தலையில் எழுதும் சுருக்கம். பி.எஃப்., வருமான வரி எல்லாம் என்னிடம் வேண்டாம்.

சண்முகம், கணபதி: வயசு 57. ஃபவுண்டரியில குவாலிட்டி ஹெட். ரிட்டையர் ஆனதும் வாரம் ரெண்டு நாள் கன்சல்டிங் போகலாம்னு இருக்கேனுங்க. இப்படி எழுதியிருக்கேன், சரியா பாருங்க: "34 ஆண்டு அனுபவமும் தலைமைப் பண்பும் கொண்ட தர மேலாளர். சவாலான பொறுப்பை எதிர்நோக்குகிறேன்."

அண்ணா, இதைப் படிக்கிற முதலாளி நீங்கள் முழுநேர வேலை கேட்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். வாரம் இரண்டு நாள் என்பது எங்கேயும் இல்லை. உங்களுக்கு எது கைவந்தது என்பதும் இல்லை.

நம் பக்கத்தில் இந்தக் காகிதம் எச்.ஆர். மேஜைக்குப் போவது குறைவு. ஒரு முதலாளி இன்னொரு முதலாளிக்கு வாட்ஸாப்பில் தட்டிவிடுவார். அவர் ஷெட்டில் நின்றுகொண்டு ஃபோனில் மேலே உள்ள நாலு வரியை மட்டும் பார்ப்பார். அப்போது அவர் மனசில் மூன்று சந்தேகம் ஓடும். இவர் வந்தால் எந்தத் தொல்லை தீரும்? நம்ம மேனேஜர் தலை மேல் ஏறி உட்காருவாரா? எத்தனை நாள் வருவார்? சம்பளத்தை எப்படியும் ஃபோனில் கேட்டுக்கொள்வார், அதை எழுத வேண்டாம்.

உங்களிடம் தனியாகப் பேசியதை மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன். வேறு ஃபவுண்டரிக்காரர்கள் உங்களுக்கு எதற்கு ஃபோன் பண்ணுவார்கள் என்று கேட்டேன். யோசிக்காமல் "மோல்டிங் மணலுக்குத்தானுங்க" என்றீர்கள். 34 வருடத்தில் ஆடிட், கஸ்டமர் விசிட், ஐ.எஸ்.ஓ. என்று எவ்வளவோ செய்திருப்பீர்கள். ஆனால் வெளியாள் காசு கொடுத்துக் கூப்பிடுவது மணலுக்கு. அப்போது முதல் வரி மணல்தான்.

அடுத்து, ரிஜெக்‌ஷனைப் பாதியாகக் குறைத்தேன் என்றீர்கள். கணக்கைக் கேட்டால் 8 சதவீதம் 4.5 ஆகியிருக்கிறது. அது பாதி இல்லை அண்ணா. ஃபவுண்டரிக்காரன் உடனே பிடித்துவிடுவான். எதிலிருந்து எதற்கு என்று அப்படியே எழுதுங்கள். எடைக் கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா என்பதும் வேண்டும், ஏனென்றால் சின்ன காஸ்டிங் நூறு போனாலும் எடையில் ஒன்றும் தெரியாது. கஸ்டமரிடமிருந்து திரும்பியதா, உள்ளேயே ஒதுக்கியதா என்பது இன்னொன்று.

என்ன செய்து குறைந்தது என்றும் கேட்டேன். திரும்பி வரும் மணல் ஆறுவதற்குள் மறுபடி மோல்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தது, சூட்டு மணலில் ஈரம் நிலையாக நிற்காமல் காஸ்டிங்கில் ப்ளோஹோல் என்ற ஓட்டை விழுந்தது, அதைச் சரிசெய்தோம் என்றீர்கள். கூடவே மெல்டிங் பக்கமும் வேறொருவர் மாற்றம் செய்தார் என்று உண்மையைச் சொன்னீர்கள். அதனால் முழுப் பெருமையையும் எடுக்காமல் இப்படி எழுதினோம். ஆங்கிலத்தில் போட்டாலும் இதே வரிசைதான்:

*கிரே அயர்ன் ஃபவுண்டரிகளில் மணலால் வரும் ரிஜெக்‌ஷனைக் கண்டுபிடித்துக் குறைப்பது என் வேலை. பம்ப் காஸ்டிங் செய்யும் நடுத்தர ஃபவுண்டரி ஒன்றில் உள் ரிஜெக்‌ஷன், எடைக் கணக்கில், 14 மாதத்தில் 8 சதவீதத்திலிருந்து 4.5க்கு வந்தது, அதில் மணல் பிளான்ட் என் பொறுப்பு. சிறு யூனிட்டுகளில் மணல் சோதனையை அமைத்து, அங்குள்ள ஆட்களுக்கே பழக்கிவிட்டு வருவேன். ஜூன் முதல் வாரம் இரண்டு நாள், கோவையைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள், மூன்று மாத ஒப்பந்தம்.*

"பழக்கிவிட்டு வருவேன்" என்பது சும்மா போட்டதில்லை. அங்கிருக்கும் மேனேஜரின் பயத்துக்கு அதுதான் பதில். டன் கணக்கை வேண்டுமென்றே விட்டோம், அது உங்கள் கம்பெனியின் சமாச்சாரம். படிக்கிறவர் தன் டன்னை வைத்துத் தானே பெருக்கிக்கொள்வார். மாதம் 400 டன் போடுகிறவருக்கு மூன்றரை சதவீதம் என்றால் 14 டன்.

ஒன்று மட்டும். இது வெளியே போகும் முன் உங்கள் முதலாளியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். காலையில் அனுப்பினால் சாயங்காலம் அவர் ஃபோனுக்கு வந்துவிடும்.

கீதா, ஈரோடு: நான் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், 58 முடியுது. கன்சல்டிங், பகுதிநேரம் ரெண்டுக்கும் ஒரே சுருக்கம் போதுமாங்க?

போதாதுங்க. கன்சல்டிங்குக்கு ஆள் தேடுகிறவரிடம் ஒரு தொல்லை இருக்கிறது. பகுதிநேரத்துக்குத் தேடுகிறவரிடம் ஒரு காலி நாற்காலி இருக்கிறது. அவருக்கு உங்கள் சாதனை முக்கியமில்லை, வேண்டிய நாளில் இருப்பீர்களா என்பதுதான் முக்கியம்.

உங்கள் வேலைக்கு அந்த நாள் ஏற்கெனவே குறித்துவைத்தது. மாதா மாதம் தாக்கல் செய்யும் கம்பெனிக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. அதனால் "பகுதிநேரம் தயார்" என்று எழுதாமல், "மாதம் 5 முதல் 20 வரை தினமும் அரைநாள், ஜி.எஸ்.டி. தாக்கலும் ஸ்டாக் ஒப்பீடும் என் கையில்" என்று எழுதுங்கள். இரண்டு விசைத்தறி யூனிட்டுக்காரர்கள் சேர்ந்து உங்களைப் பங்கு போட்டுக்கொள்ளக்கூட வழியுண்டு. எந்த சாஃப்ட்வேரில் வேலை பார்த்தீர்கள் என்பதையும் அந்த வரியிலேயே சேருங்கள்.

முருகேசன், பொள்ளாச்சி: தோப்பு இருக்குங்க, தண்ணி விடற நாள்ல வர முடியாது. அதை எழுதலாமா?

தோப்பை எழுதாதீர்கள், நாளை எழுதுங்கள். "திங்கள், செவ்வாய், வியாழன்" போதும்.

ரங்கசாமி, பல்லடம்: மில்லுல 38 வருசம். அதை முதல்லயே போட்டாத்தானே மதிப்பு?

போடாதீர்கள். 38 என்று படித்ததும் மில்காரர் கேட்கும் கேள்வி, இவர் கடைசியாகப் பார்த்த மெஷின் எது என்பதுதான். கம்பேக்ட் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்திருந்தால் அதை முதல் வரியில் போடுங்கள். பழைய ரிங் ஃபிரேமோடு நின்றிருந்தால், பழைய மெஷினை இன்னும் ஓட்டும் சின்ன மில்தான் உங்கள் ஆள், அதையும் வெளிப்படையாகவே எழுதலாம்.

வசந்தி, திருப்பூர்: சார் சொல்றது சரி. நான் மெர்ச்சண்டைசிங்ல 31 வருசம்னு போட்டப்ப யாரும் கூப்பிடல. எடுத்ததும் மூணு கால் வந்துச்சு.

ரங்கசாமி, பல்லடம்: வந்து என்ன? நேர்ல பாத்தா வயசு தெரியாதா? கன்சல்டன்ட்டுக்கு நரைச்ச தலைதானுங்க விசிட்டிங் கார்டு.

வசந்தி, திருப்பூர்: உண்மைதான். ஒருத்தர் பார்த்ததும் முகமே மாறிடுச்சு. ஆனா அடுத்தவர் ஒரு சீசனுக்கு எடுத்துக்கிட்டாரு.

இரண்டு பேரும் வேறு வேறு வாசலில் நின்று பேசுகிறீர்கள். வசந்தி அம்மா ஏஜென்சி வழியாகப் போனார், அங்கே முன்னால் இருப்பது 25 வயதுப் பெண், 31 என்றால் ஒதுக்கிவிடுவாள். ரங்கசாமி அண்ணன் முதலாளியிடம் நேரே போகிறவர். மொத்த வருடத்தைவிட, குறிப்பிட்ட வேலையில் இத்தனை வருடம் என்று போடுவது எனக்குப் பிடிக்கும். "ஐரோப்பிய பையர்களுக்கு குழந்தைகள் உடை, 12 வருடம்" என்பது மாதிரி.

ரங்கசாமி, பல்லடம்: நான் 38ஐ எடுக்க மாட்டனுங்க.

சரி, உங்கள் விருப்பம்.

தியாகு, கரூர்: போட்டிக் கம்பெனிக்குப் போகமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி அது செல்லாதாம். அப்ப கஸ்டமர் பேரெல்லாம் சுருக்கத்துல போடலாம்ல?

பாதி சரி. வேலையை விட்ட பிறகு உங்கள் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை அந்தப் பிரிவில் பொதுவாக நிற்காது. வேலையில் இருக்கும்போது கதை வேறு. ரகசியம் காப்பேன் என்று எழுதிக்கொடுத்தது தனி, அது வேலையோடு முடிந்துவிடாது. கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

சட்டம் கிடக்கட்டும். கஸ்டமர் பெயரையும் ரேட்டையும் சுருக்கத்தில் போட்டால், நாளைக்கு நம் ரேட்டையும் இப்படித்தான் போடுவார் என்று படிக்கிறவர் நினைப்பார். "அமெரிக்க ஹோம் டெக்ஸ்டைல் பையர்" என்றால் கரூரில் புரியாதா?

கதிர், சேலம்: ஃபோட்டோ, பிறந்த தேதி, அப்பா பேர் போடணுமா?

வேண்டாம்.

நடராஜ், அவிநாசி: எந்த வேலைனாலும் செய்யத் தயார்னு கடைசி வரியில போடலாமா?

ஐயா, கூடாது. அதைப் படித்ததும் சம்பளம் பாதியாகும், வேலை இரட்டிப்பாகும்.

லோகநாதன், நாமக்கல்: 58க்கு அப்புறம் வேலைக்குப் போனா பென்சன் நின்னுடுமா?

மேலே முதல் பத்தியைப் படியுங்கள். பி.எஃப். அலுவலகத்தில் கேளுங்கள்.

செல்வி, கோபி: 29 வருச அனுபவம்னு ஆரம்பிக்கலாமா சார்?

ரங்கசாமி அண்ணனுக்குச் சொன்னதுதான் அம்மா. இதோடு இந்தக் கேள்வி போதும்.

சண்முகம், கணபதி: சார், ஒருத்தருக்குத்தான் அனுப்புனேன். மதியமே எங்க முதலாளி கூப்பிட்டுட்டாருங்க. கோபமில்ல. "இந்த 4.5 எந்த வருசக் கணக்கு? இப்ப 6ல்ல நிக்குது"ங்கறாரு.

என் தப்பு அண்ணா. 14 மாதம் என்று போடச் சொன்னேன், எந்த 14 மாதம் என்று கேட்கவில்லை. வருடத்தைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், இப்போது 6 ஆனது எதனால் என்று கண்டுபிடித்து வையுங்கள். அடுத்த ஃபவுண்டரிக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.