சலூன் ஆஃபரில் யார் காசு குறைகிறது? கேள்வி பதில்

மூன்று சேர் போட்ட தெருமுனை ஆண்கள் சலூன் ஒன்றை மனதில் வைத்துச் சொல்கிறேன். கட்டிங் 150 ரூபாய், வெட்டுகிறவருக்குப் பாதி என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடை எண்களைப் போட்டு நீங்களே ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): பக்கத்துத் தெருவுல புது ஏசி சலூன் வந்து 20 சதவீதம் தள்ளுபடின்னு பேனர் கட்டிட்டாங்க அண்ணே. நானும் பழைய கஸ்டமருக்கு 10 சதவீதமாவது குறைக்கட்டுமா?

வேண்டாம் தம்பி. 150-இல் 75 வெட்டுகிற பையனுக்குப் போய்விடுகிறது. பிளேடு, டிஷ்யூ, க்ரீம், துண்டு துவைக்கிற செலவு எல்லாம் சேர்த்து ஒரு 10 ரூபாய். மிச்சம் 65. வாடகை, கரண்ட் பில், உன் வீட்டுச் செலவு எல்லாமே அந்த 65-இல் இருந்துதான் வர வேண்டும். பையன் பங்கில் கை வைக்காமல் நீ 15 ரூபாய் குறைத்தால் 65 என்பது 50 ஆகிவிடுகிறது, அதாவது 10 சதவீதம் என்று சொல்லிக் கொடுத்தது உன் கையில் கிட்டத்தட்ட கால் பங்கைத் தின்றுவிடும். முன்பு 100 தலையில் கிடைத்த 6,500 ரூபாய்க்கு இனி 130 தலை வெட்ட வேண்டும். மாதம் ஒரு தடவை வருகிறவர் 15 ரூபாய் குறைந்துவிட்டது என்பதற்காக இரண்டு தடவை முடி வெட்ட வரப்போவதில்லை. அவர் எப்படியும் வரத்தான் போகிறார், அவருக்கு எதற்குத் தள்ளுபடி?

கேள்வி (விருதுநகர்): பத்து கட்டிங் எடுத்தா பதினொண்ணாவது ஃப்ரீன்னு கார்டு அடிச்சிருக்கேன். ஒருத்தர்கூட முடிக்கல. ஏன்?

பத்து கட்டிங் என்றால் பத்து மாதம். அதற்குள் கார்டு பர்ஸிலேயே கிழிந்துவிடும். அப்படியே ஒருவர் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தால் இன்னும் மோசம். சேர் காலியாக இருக்கிற புதன்கிழமை மதியம் அந்த ஃப்ரீ கட்டிங்குக்கு ஆகிற செலவு பையன் பங்கும் சாமானும் சேர்த்து 85 ரூபாய்தான். ஞாயிறு என்றால் காத்திருந்து பார்த்துவிட்டு ஒருவர் எழுந்து போவார், அவரிடம் கிடைத்திருக்க வேண்டிய 65-உம் போய் மொத்தம் 150 ரூபாய் ஆகிறது.

கட்டிங்கை இலவசமாகக் கொடுக்காதீர்கள், எண்ணெய் மசாஜ் கொடுங்கள். போர்டில் 100 ரூபாய் என்று எழுதியிருக்கிற கால் மணி நேர ஹெட் மசாஜுக்கு எண்ணெய் 10 ரூபாய், செய்கிற பையனுக்குத் தனியாக 30 ரூபாய், ஆக உங்களுக்கு 40. ஐந்தாவது வருகையில் கொடுத்தால் ஒரு வருகைக்கு 8 ரூபாய் விழுகிறது. வாங்குகிறவருக்கு அது 100 ரூபாய்ப் பொருள். திங்கள், புதன், வியாழன் காலை 11 முதல் மாலை 4 வரை மட்டும் என்று கார்டிலேயே அச்சடித்துவிடுங்கள் (செவ்வாய் எப்படியும் லீவு).

கார்டில் ஏழு கட்டம் போட்டு, முதல் நாளே இரண்டில் முத்திரை குத்திக் கொடுங்கள். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கார் கழுவும் இடத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டுக் கட்டம் வெறுமையாக இருந்த கார்டை 19 சதவீதம் பேர் முடித்தார்கள், பத்துக் கட்டத்தில் இரண்டு ஏற்கெனவே குத்தியிருந்த கார்டை 34 சதவீதம் பேர் முடித்தார்கள். இரண்டுக்கும் கழுவ வேண்டியது அதே எட்டுத் தடவைதான்.

காலாவதித் தேதி போடும்போது ஒன்றை மறக்காதீர்கள். கார்த்திகையில் மாலை போடுகிறவர் மலைக்குப் போய் வருகிற வரை முடியில் கத்தி வைக்க மாட்டார். டிசம்பரில் கார்டு முடிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னால் அந்தக் குடும்பமே வேறு கடைக்குப் போய்விடும்.

கேள்வி (மதுரை): இதெல்லாம் எதுக்கு சார், 1,000 கட்டினா 1,200-க்கு வேலைன்னு ப்ரீபெய்ட் போடுங்க. காசு முன்னாடியே கைக்கு வருது, ஆளும் வேற கடைக்குப் போக மாட்டான்.

ஆள் போக மாட்டான் என்பது சரி. காசு கைக்கு வருகிறது என்பதில்தான் சிக்கல், ஏனென்றால் அது இன்னும் நீங்கள் சம்பாதிக்காத காசு. 1,200 ரூபாய்க்கு எட்டு கட்டிங். பையன்களுக்கு 600, சாமானுக்கு 80 போனால் 1,000-இல் மிச்சம் 320. ஆஃபர் இல்லாமல் அதே எட்டு கட்டிங்கில் 520 நின்றிருக்கும். தீபாவளிக்கு முன்னால் முப்பது பேரிடம் வாங்கி அட்வான்ஸ், ஏசி என்று செலவழித்துவிட்டால், தை மாதம் கடை நிறைய ஆள் இருந்தும் கல்லாவில் காசு இருக்காது, பையன்களுக்கு மட்டும் தினமும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் 1,000-க்கு 1,050 போதும், அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து வேலை முடிய முடிய எடுங்கள்.

கேள்வி (ஈரோடு, ஒரு சகோதரி): நான் வீட்டு மாடியில தனியா பார்லர் வச்சிருக்கேன், பங்கு கொடுக்க ஆளே இல்ல. அப்போ ஃபேஷியல் ஃப்ரீயா கொடுத்தா எனக்கு நஷ்டம் இல்லதானே அண்ணா?

பங்கு இல்லை, ஆனால் உங்கள் நேரம் இருக்கிறதே அம்மா. ஒரு ஃபேஷியலுக்கு ஒரு மணி நேரம், கிட் செலவு வேறு. அந்த ஒரு மணி நேரத்தில் ஐப்ரோ த்ரெடிங்குக்கு எத்தனை பேர் வந்து திரும்பிப் போனார்கள் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள். த்ரெடிங்குக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வருவார்கள், அவர்களுக்கு ஐந்தாவது தடவை அப்பர் லிப் சேர்த்துச் செய்துவிடுங்கள். சில நிமிடமும் கொஞ்சம் நூலும்தான் செலவு.

கேள்வி (திருச்சி): ஆள் கூட்டிட்டு வந்தா 50 ரூபாய்னு போட்டேன். நிறைய பேர் வந்தாங்க, ஆனா மறுமாசம் யாரையும் காணோம். எங்க தப்பு?

50 ரூபாயை முதல் வருகையிலேயே கொடுத்திருப்பீர்கள். இரண்டாவது தடவை வந்த பிறகு கொடுங்கள். புதிதாக வருகிறவரிடம் கட்டிங்குக்கு முழுக் காசு வாங்கிக்கொண்டு ஹெட் மசாஜ் மட்டும் இலவசமாகச் செய்யுங்கள், 65-இல் 40 போய் 25 நிற்கும். அவர் திரும்பவே வராவிட்டாலும் கையை விட்டு எதுவும் போகவில்லை. இரண்டாவது தடவை வந்தால் இன்னொரு 65 வருகிறது, அதில் கூட்டிவந்தவருக்கு 50-ஐ அடுத்த பில்லில் கழித்துவிடுங்கள், ரொக்கமாக வேண்டாம். இரண்டு வருகையும் சேர்த்து 40 மிஞ்சுகிறது, மூன்றாவதில் இருந்து முழு 65.

"யார் சொல்லி வந்தீங்க?" என்பதைச் சேரில் உட்காரும் முன்பே கேட்டுப் போன் நம்பரோடு நோட்டில் எழுதுங்கள். பில் போடும்போது கேட்டால் ஆஃபர் போர்டைப் பார்த்துவிட்டு ஏதாவது ஒரு பெயர் வந்துவிடும். சில கடைகளில் தானாக வந்த ஆளைக் கடைப் பையனே தன் நண்பன் கூட்டிவந்ததாக எழுதிவிடுவதும் உண்டு. மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினால், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து, அத்தனை பேரும் ஒரே சேரில் உட்கார்ந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

கேள்வி (தஞ்சாவூர்): வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல போட்ட ஆஃபர் பாதிப் பேருக்குப் போகவே இல்லையே?

உங்கள் நம்பரைப் போனில் சேமித்து வைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் அது போகும். கார்டு கொடுக்கும்போதே கடை நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மறுபடியும் மதுரை): சார், ஆஃபர் கொடுத்தா பையன் பங்கையும் குறைந்த விலையிலதானே போடணும்? லாபத்துல பாதி வாங்குறான், இதுலயும் பாதி தாங்கட்டும். எங்க கடையில அப்படித்தான்.

உங்கள் கடையில் பையன்கள் ஒத்துக்கொண்டிருந்தால் நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் 15 ரூபாய் தள்ளுபடியில் அவனுக்கு 7.50 குறைகிறது என்றால் அந்தக் கார்டை நீட்டுகிறவருக்கு அவன் எப்படி வெட்டுவான் என்று ஒரு நாள் கண்ணாடி வழியாகக் கவனியுங்கள். போர்டு விலையில்தான் பங்கு போட வேண்டும் என்பது என் கருத்து. ஆஃபரை முடிவு செய்தது முதலாளி, பையனைக் கேட்டு யாரும் போடவில்லை. புதிதாக ஆள் வந்தால் அவனுக்கும்தானே வருமானம் கூடுகிறது என்று நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆள் கூட்டிவருகிற 50 ரூபாயில் மட்டுமாவது ஒரு பகுதியை அவனைத் தாங்கச் சொல்லலாமா என்று எனக்கும் இன்னும் யோசனைதான். அப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் பையன் நிலைத்தானா என்று எழுதுங்கள்.