"அடுத்த மாசம் ரிவர்ஸ் பண்ணிக்கலாம்"னு பாஸ் சொன்னா

கேள்வி: அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன். டார்கெட் 100, வந்தது 92. இன்னும் சரக்கே அனுப்பாத ஒரு ஆர்டருக்கு இந்த மாச தேதியில இன்வாய்ஸ் போடச் சொல்றார் பாஸ். எனக்கு வேலை கத்துக்கொடுத்ததே அவர்தான். எப்படி மாட்டேன்னு சொல்றது?

பதில்: முதல்ல கணக்கா பாருங்க. இப்போ இதைப் போட்டா, அடுத்த மாச விற்பனைல 8ஐ முன்னாடியே எடுத்துடறீங்க. அடுத்த மாசம் நிஜமா 95 வித்தாலும் அதுல இந்த 8 போயிடும், கைல 87 தான், அப்போ பள்ளம் 13. அதையும் மூடச் சொல்லுவாங்க, ஏன்னா ஒருதடவை செஞ்சிட்டீங்களே. ஒரு மாசத்தோட இது நிக்காததுக்குக் காரணமே இதுதான்.

அமெரிக்க டெலிகாம் கம்பெனி வேர்ல்டுகாம்ல பெட்டி வின்சன்னு ஒரு அக்கவுண்டன்ட். 2000ல மேல இருந்து சொன்னாங்கன்னு ஒரு பொய் என்ட்ரி போட்டாங்க, மனசு கேக்காம ராஜினாமா பண்ண நினைச்சாங்க, இந்த ஒருதடவைதான்னு பேசி நிறுத்தி வச்சாங்க, அப்புறம் குவாட்டருக்கு குவாட்டர் அதே வேலை. 2005ல அவங்களுக்கு 5 மாசம் சிறை. மேலிடம் சொல்லித்தான் செஞ்சேன்ங்கறது அவங்களைக் காப்பாத்தல.

இது மாட்டாதுன்னும் நினைக்காதீங்க. ஆடிட்டர் மாசக்கடைசி இன்வாய்ஸை எடுத்து டிஸ்பாட்ச் பேப்பரோட ஒப்பிடுவார், அது கட்-ஆஃப்னு சொல்ற வழக்கமான செக். இன்வாய்ஸ் தேதியை நீங்க மாத்தலாம், ஆனா என்ட்ரி எப்போ, யார் லாகின்ல போட்டாங்கன்னு பெரும்பாலான சாஃப்ட்வேர் தனியா பதிஞ்சு வச்சிருக்கும். அங்க இருக்கப்போறது உங்க பேர், பாஸ் பேர் இல்ல.

பாஸ்கிட்ட நேர்மை பத்தி லெக்சர் வேண்டாம், அவருக்கும் மேல இருந்து பிரஷர் இருக்கும். தனியா உக்காந்து, "சார், இது கட்-ஆஃப்ல மாட்டும், அப்ரூவல் உங்களோடதுன்னு உங்களையும் கேப்பாங்க. 92ஐயே காட்டி, கைல இருக்கற அந்த 8க்கான ஆர்டரைக் கீழ தனியா காட்டலாம், நோட் நானே எழுதித் தரேன்"னு சொல்லுங்க. உங்களை வளர்த்துவிட்ட மனுஷனுக்கு நீங்க செய்யக்கூடிய உண்மையான விசுவாசம் இதுதான்னு நான் நம்பறேன்.

அப்பவும் போடுன்னா, அன்னைக்கே சின்னதா ஒரு மெயில்: "பேசினபடி, சரக்கு இன்னும் போகாததால இந்த இன்வாய்ஸை இந்த மாசம் போடல, வேற மாதிரி பண்ணணும்னா எழுத்துல சொல்லுங்க சார்." நியாயமான காரணம் இருந்தா எழுதித் தர யாரும் தயங்க மாட்டாங்க. மெயில் எல்லாம் எதுக்குன்னு கோவப்பட்டா, அவருக்கும் அது தப்புன்னு தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் அவருக்கு மேல இருக்கறவர், இல்லன்னா இன்டர்னல் ஆடிட். இதனால அப்ரைசல் அடிபடலாம், அது நிஜம்தான், அதனால என்னைக்கு என்ன சொன்னார்னு தேதியோட குறிச்சு வைங்க. கம்பெனி ஃபைலை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அதுவே உங்க மேல கேஸாகலாம்.

ஏற்கனவே போட்டாச்சுன்னா டிலீட் பண்ணாதீங்க. காரணத்தை நரேஷன்ல எழுதி, ரிவர்ஸ் என்ட்ரியை உண்மையான தேதியில போட்டு, மாச ரிப்போர்ட் யார் யாருக்குப் போச்சோ அவங்களுக்குத் திருத்தின நம்பரை அனுப்புங்க.