மோர் மிளகாயும் மாவட்ட நிருபரும்

அன்புள்ள ஐயா,

நான்கு ஆண்டுகளாக வீட்டில் வற்றல், வடகம், மோர் மிளகாய் போட்டு விற்று வருகிறேன். என் கதையை வெளியிடும்படி ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை. அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். என்ன குறை?

ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

"சிறு வயது முதலே சமையலில் ஆர்வம் கொண்ட நான்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். இப்படித் தொடங்கும் கடிதங்கள் ஆசிரியர் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வரியை யாரும் படிப்பதில்லை. உங்கள் செய்தி ஐந்தாம் பத்தியில் ஒளிந்திருக்கிறது. தறி வேலை குறைந்துபோன உங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர், இப்போது உங்கள் மொட்டை மாடியில் தினக்கூலிக்கு மிளகாய் கீறுகிறார்கள். நிருபருக்கு வேண்டியது இதுதான். உங்கள் ஆர்வம் உங்களுடையது. தறி நின்றது ஊரின் செய்தி.

பொருள் வரியில் "தொழில்முனைவோர் கதை" என்பதை எடுத்துவிட்டு, "அருப்புக்கோட்டை: தறியை விட்டு வற்றலுக்கு வந்த நான்கு பெண்கள்" என்று எழுதுங்கள். முதல் பத்தியில் அவர்கள் யார், என்ன கூலி, எப்போதிலிருந்து என்று சொன்னால் போதும். அடுத்து வேலையைக் காட்டுங்கள். கீறிய மிளகாயை உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடி அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படியே செய்வதை நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஐப்பசி மழையில் அவர்களுக்கு வேலை இருக்காதே, அப்போது கூலி என்ன ஆகிறது? நிருபர் கட்டாயம் கேட்பார். பதில் சங்கடமானதாக இருந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

"சுண்டைக்காய் வற்றல் சர்க்கரை நோயைத் தீர்க்கும்" என்ற வரியை உடனே நீக்குங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை, மருந்து, மாய வைத்திய விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே கடிதத்தை ஒதுக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக உங்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். நிருபர் சரிபார்ப்பதற்கு ஏதாவது வேண்டும்.

கடிதத்தைப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ அனுப்பாமல், யூனிகோட் தமிழில் மின்னஞ்சலுக்குள்ளேயே தட்டச்சு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படம் சுருங்கிவிடும். அச்சில் மங்கலாகத் தெரியும். கைப்பேசியில் எடுத்த மூலப் படத்தையே இணையுங்கள். பாக்கெட்டுப் படம் வேண்டாம். மிளகாய் காயும் மாடியும் அதில் வேலை செய்யும் பெண்களும் போதும், அவர்களிடம் கேட்டுக்கொண்டு.

அனுப்ப ஏற்ற காலம் மாசி. அப்போது நிருபர் வந்தால் மாடியில் பார்க்க ஏதாவது இருக்கும். பொதுவான ஆசிரியர் முகவரியை விட உங்கள் ஊர்ச் செய்திகளை எழுதும் நிருபருக்கு நேரடியாக எழுதுவது நல்லது. வாரம் ஒன்று போனபின் ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள்; அதற்குமேல் வேண்டாம். யாராவது "இடத்துக்கு இவ்வளவு" என்று தொகை கேட்டால், அவர் பேசுவது விளம்பரம்.