விடால் பாசிட்டிவ் வந்த பிறகும் பிளட் கல்ச்சர் எதற்கு?

"காய்ச்சல் வந்து நான்கு நாள். விடாலில் டைபாய்டு என்று வந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார். தேவையா, இல்லை காசு பிடுங்கும் வேலையா?"

தேவைதான். ரத்தத்தில் இருக்கும் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதுதான் பிளட் கல்ச்சர். ஆன்டிபயாடிக் இன்னும் தொடங்கவில்லையென்றால் முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். நான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். "லேப்காரன் லேப்புக்குத்தான் பேசுவான்" என்று எழுத வருபவர்கள் முழுதும் படித்துவிட்டு எழுதுங்கள்.

டைபாய்டு கிருமி உள்ளே போய் காய்ச்சலாகத் தெரியவே பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். நேற்றைய பானிபூரியைத் திட்டிப் பயனில்லை. முதல் வாரம் காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். கிருமி ரத்தத்தில் சுற்றுவது அப்போதுதான், கல்ச்சரில் சிக்கவும் அதுவே நல்ல நேரம். விடால் கிருமியைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறது. அது நன்றாக ஏற இரண்டாவது வாரம் ஆகும். நான்காம் நாளே பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம்.

என் அக்கா மகனுக்கு விடுதியில் இருந்தபோது இதே கதை. விடாலைப் பார்த்துவிட்டு ஒரு கிளினிக்கில் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். வாரம் கடந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. நாக்கில் மாவு படிந்தது, வயிறு உப்பியது, பையன் கேட்டதற்குப் பதில் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். இரண்டாவது வாரத்தின் முகம் இது. அதையும் தாண்டி மூன்றாவது வாரத்துக்குப் போனால் சிறுகுடல் புண்ணில் ரத்தம் கசியலாம், குடலே ஓட்டையாகலாம். வேறு மருத்துவமனையில் கல்ச்சர் எடுத்தார்கள். டைபாய்டு கிருமி வளர்ந்தது. கூடவே எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் தெரிந்தது: சிப்ரோவுக்கு அடங்காது, செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்கும். ஊசி மாற்றிய பிறகும் காய்ச்சல் விட நான்கைந்து நாள் பிடித்தது. அது வழக்கம்தான். இந்த மருந்து விவரத்தை விடால் ஒருநாளும் சொல்லாது.

விடுதியில் அதே சமயம் இன்னும் சில பையன்களும் படுத்திருந்தார்கள். தண்ணீர் சம்ப்புக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க். கசிவா, மெஸ்ஸில் யாராவது கிருமியைச் சுமந்துகொண்டு சமைத்தார்களா என்று யாரும் பரிசோதிக்கவில்லை. நோய் தீர்ந்தும் பித்தப்பையில் கிருமியோடு நடமாடுபவர்கள் உண்டு. மலத்தில் வெளியேறி, சரியாகக் கழுவாத கை வழியாகச் சாப்பாட்டுக்கு வரும். பையன் மருத்துவமனையில் கிடந்த நாட்களுக்கும் மெஸ் பில் மட்டும் சரியாக வந்தது. அதைக் கேட்கப் போன அக்காவை வார்டன் நிற்க வைத்தே அனுப்பினார்!

அப்புறம், பெரியவர்களுக்குப் பத்து மில்லி அளவுக்கு ரத்தம் எடுப்பார்கள். "இவ்வளவா?" என்று எங்களிடம் சண்டைக்கு வராதீர்கள். ஒரு மில்லியில் ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம், குறைத்து எடுத்தால் கோட்டை விட்டுவிடுவோம். ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று நாளாவது ஆகும். அதுவரை டாக்டர் மருந்தை நிறுத்தி வைக்க மாட்டார். நெகட்டிவ் வந்தாலும் டைபாய்டு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. பத்தில் நான்கு பேர் வரை கல்ச்சரில் தப்பிவிடுகிறார்கள்.